பேனருக்கு முன்னால் போகிற மெசேஜ்

உட்கார் தம்பி, டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன். வாசகர் வட்டக் கூட்டத்துக்கான பேனரை டிசைன் செய்துவிட்டாய். இனி பிடிஎஃப் ஃபைலோடு, 'அண்ணா, ஆறுக்கு மூணு பேனர்' என்று ஒரு வரி அனுப்பப்போகிறாய். கடைக்காரர் ஃபைலைத் திறந்தால் பக்க அளவு 74க்கு 38 அங்குலம் என்று காட்டும். ஆறடி என்றால் 72 அங்குலம், மூன்றடி என்றால் 36. உன் பேச்சை நம்புவாரா, ஃபைலை நம்புவாரா?

அந்தக் கூடுதல் 2 அங்குலம்தான் ப்ளீட். நாலு பக்கமும் ஒவ்வோர் அங்குலம் பின்னணி நிறத்தை வெளியே நீட்டியிருக்கிறாய். வெட்டும்போது கை கொஞ்சம் விலகினாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழாது. இதைச் சொல்லாவிட்டால், ஃபைல் பெரிதாக இருக்கிறதே என்று அவர் 36 அங்குல உயரத்துக்குச் சுருக்கிவிடலாம். அப்போது அகலம் சுமார் 70 அங்குலம்தான் வரும். அதை 72க்கு இழுத்தால் எழுத்தும் முகங்களும் பக்கவாட்டில் விரிந்துபோகும். அதனால் வெட்டிய பின் வரவேண்டிய அளவு, ஃபைலின் அளவு இரண்டையும் எழுது.

அடுத்தது நிறம். திரை ஆர்ஜிபி, அதாவது சிவப்பு, பச்சை, நீல ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சு சிஎம்ஒய்கே, அதாவது சியான், மஜந்தா, மஞ்சள், கறுப்பு மையால் காட்டுகிறது. திரையில் பளிச்சிடும் நீலத்தை மையால் அப்படியே கொண்டுவர முடியாது; மங்கும், சில சமயம் ஊதாப் பக்கம் சாயும். மெசேஜில் சிஎம்ஒய்கே என்று எழுதிவிட்டு ஃபைலை ஆர்ஜிபியில் விட்டால், மாற்றுகிற வேலையைக் கடையின் சாஃப்ட்வேர் தன் போக்கில் செய்துவிடும். நீயே மாற்றிப் பார், மங்கிய நீலத்தைச் சரிசெய், பிறகு அனுப்பு. சில கடைக்காரர்கள் ஆர்ஜிபியே போதும் என்பார்கள். ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

இப்படி எழுது:

"அண்ணா, வணக்கம். பேனர் பிடிஎஃப் அனுப்பியிருக்கேன், 1 பிரதி வேணும். வெட்டின பிறகு அகலம் 6 அடி, உயரம் 3 அடி. ஃபைல் அளவு 74 x 38 அங்குலம். நாலு பக்கமும் 1 அங்குலம் ப்ளீட் இருக்கு. சுருக்காம 100 சதவீதத்துல போடுங்க. கலர் சிஎம்ஒய்கே. உங்க மெஷினுக்கு ப்ளீட் வேற அளவு வேணும்னா சொல்லுங்க, மாத்தித் தரேன்."

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதே. நோட்டீஸ் மாதிரித் தாள் வேலைக்குப் பெரும்பாலும் 3 மில்லிமீட்டர் ப்ளீட் போதும். பேனரில் ஓரத்தை மடித்து வளையம் அடிப்பவர்கள் கூடுதலாகக் கேட்பார்கள். அந்த வளையம் எழுத்தில் விழாதபடி, வெட்டுக்கோட்டிலிருந்து 2 அங்குலம் உள்ளே தள்ளி எழுத்தை வை.

அனுப்புமுன் பிடிஎஃப்பின் பண்புகளில் பக்க அளவைப் பார். 72க்கு 36 என்று காட்டினால் ப்ளீட் ஃபைலில் ஏறவில்லை என்று அர்த்தம். ப்ளீட் சேர்த்து மறுபடி எக்ஸ்போர்ட் செய்.