எத்தனை ஸ்பூன் என்று கேட்காதீர்கள்

நேற்று கள்ளிச்சொட்டு போல இறங்கிய டிகாக்‌ஷன் இன்று கழுநீராக இருக்கிறது. தூள் அதே கடைத் தூள், பில்டர் அதே பில்டர், போட்டதும் அதே நாலு ஸ்பூன். பழி பெரும்பாலும் பால்காரர் மேல் விழும். பார்க்க வேண்டியது ஸ்பூனை.

ஸ்பூன் இடத்தைத்தான் அளக்கும். அந்த இடத்துக்குள் எவ்வளவு தூள் அடைபட்டிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. 15 மில்லி பிடிக்கும் மேசைக் கரண்டியில் காபித்தூளைத் தலைதட்டி எடுத்தால் ஏறக்குறைய 5 கிராம் வரும்; குவித்து எடுத்தால் 8 கிராம்கூட வரும். டப்பாவைத் தட்டித் தட்டி வைத்திருந்தால் தூள் இறுகி எடை கூடும். புதிதாக அரைத்துக் கொட்டிய தூளில் காற்று நிறைய இருப்பதால் எடை குறையும். வறுவலும் விளையாடும். கொட்டையைக் கருக வறுக்க வறுக்க அது உப்பிப் பெரிதாகும், ஈரம் போய் எடையும் இழக்கும். அதனால் இளவறுவலிலிருந்து கரும்வறுவலுக்கு மாறினால், அதே ஸ்பூனில் உங்களை அறியாமலே தூள் குறைகிறது.

இரண்டு பேருக்கான பில்டரை எடுத்துக்கொள்வோம். நாலு கரண்டி தூள், 150 மில்லி வெந்நீர். தலைதட்டிப் போட்டால் தூள் 20 கிராம், குவித்தால் 32. தூள் தன் எடையைப்போல ஏறக்குறைய இரு மடங்கு தண்ணீரைத் தனக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். ஆக முதலாவதில் 110 மில்லி இறங்கும், இரண்டாவதில் 86 மில்லிதான். திடமும் மாறுகிறது, அளவும் மாறுகிறது. பாலை மட்டும் வழக்கம்போல ஊற்றுகிறோம்.

குறைவாகத் தூள் போட்ட நாளில் இன்னொரு வம்பும் உண்டு. கொஞ்சம் தூளின் வழியே நிறையத் தண்ணீர் போவதால், நல்ல மணமும் சுவையும் இறங்கி முடிந்த பிறகும் கசப்பையும் துவர்ப்பையும் அது இழுத்துக்கொண்டே இருக்கும். டிகாக்‌ஷன் தண்ணியாகவும் இருக்கும், கசக்கவும் செய்யும். கசக்கிறதே என்று மறுநாள் தூளை இன்னும் குறைப்பவர்கள் உண்டு. அது நேர் எதிர்ப்பக்கம் ஓடுவது. தண்ணியாகவும் கசப்பாகவும் சேர்ந்து வந்தால், முதலில் தூளைக் கூட்டிப் பாருங்கள்.

தராசில் செய்வது எளிது. 1 கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசு போதும். பில்டரின் மேல் பாத்திரத்தை வெறுமையாக வைத்து, ‘டேர்’ பொத்தானை அழுத்துங்கள், எண் பூஜ்யமாகும். 30 கிராம் வரும்வரை தூளைப் போடுங்கள். குடையை வைத்து லேசாக அழுத்தி, கீழ்ப் பாத்திரத்தின் மேல் பொருத்தி, முழு பில்டரையும் மடித்த துணி விரித்த தராசில் வைத்து மறுபடி பூஜ்யமாக்குங்கள். இனி வெந்நீரையும் எடை பார்த்தே ஊற்றலாம்: 150 கிராம். மேல் பாத்திரம் சிறியதென்றால் இரண்டு தவணையாக ஊற்றுங்கள். கிட்டத்தட்ட 90 மில்லி இறங்கும். ஆளுக்குப் பாதி, அதோடு 100 மில்லி பால். லைட்டாக இருக்கிறதா? மறுநாள் தண்ணீரைத் தொடாமல் தூளை மட்டும் 32 கிராமாக்குங்கள். ஸ்பூனில் இந்த 2 கிராமைக் கூட்டிக் காட்டச் சொன்னால் யாருக்கும் கை வராது.

தராசும் ஏமாற்றும். கடைசியில் சிட்டிகை சிட்டிகையாகத் தூவினால் சில மலிவான தராசுகள் அதைக் கணக்கில் எடுப்பதேயில்லை. பாத்திரத்தைத் தூக்கி மறுபடி வைத்தால் உண்மை எடை தெரியும். பாட்டரி தீரும்போது எண்கள் தடுமாறும். சந்தேகம் வந்தால் ஐந்து பத்து ரூபாய் நாணயங்களை வைத்துப் பாருங்கள். இருவண்ண நாணயம் ஒன்று 7.71 கிராம் என்பதால் 38 அல்லது 39 காட்ட வேண்டும். ஒரே ஒரு கப்புக்கு 10 கிராம் போடுகிறவருக்கு 1 கிராம் பிசகே பத்தில் ஒரு பங்கு, அவர் 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு வாங்குவது நல்லது.

எடை சரியாக இருந்தும் சுவை மாறினால், காரணம் வேறெங்கோ இருக்கிறது. தூள் நைஸாகிவிட்டால் டிகாக்‌ஷன் மணிக்கணக்கில் சொட்டும். கரகரப்பானால் மடமடவென இறங்கிவிடும். சிக்கரி, காபியைவிட அதிகமாகத் தண்ணீரில் கரையும். கடைக்காரர் அதன் பங்கைக் கூட்டினால் அதே 30 கிராமில் நிறம் கறுத்து, மணம் குறையும். எடை மாறவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால்தான் இதையெல்லாம் கடையில் போய்க் கேட்க முடியும்.