யானை மீது வரும் ஏடு

கண்டி எசல பெரகராவை முதன்முதலில் பார்த்தபோது, எல்லாரையும் போல நானும் தந்தப்பேழை சுமந்து வரும் யானைக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன். சாட்டையடிப்பவர்கள் போனார்கள், தீப்பந்தக்காரர் போனார்கள், கொடிகள் போயின. பிறகு ஒரு யானை. அதன் மேல் ஒரு மனிதர், கையில் ஓர் ஓலைச்சுவடிக் கட்டு. பக்கத்தில் நின்ற கண்டிக்காரர் ஒருவர் என் காதருகே குனிந்து, "அவர்தான் பெரமுன றால. கையில இருக்கிறது லேகம் மிட்டிய" என்றார்.

லேகம் மிட்டிய என்பது மந்திர ஏடுமல்ல, புராண ஏடுமல்ல. அது காணிப் பதிவேடு. எந்த வயல் யாருடைய கையில் இருக்கிறது, அந்த வயலுக்காக அவர் என்ன வேலை செய்ய வேண்டும் என்ற விபரங்கள் அதில்தான் இருந்தன. பின்னால் வரும் மேளக்காரர், ஆட்டக்காரர், பந்தம் பிடிப்பவர் எல்லாரும் ஒரு காலத்தில் அந்த ஏட்டின்படி வந்தவர்கள். ஊர்வலத்தின் முன்வரிசையில் ஒரு காணிக் கணக்கு யானை மேல் ஏறி வருவதை அதற்குப் பிறகு என்னால் மறக்க முடியவில்லை.

அது நினைவுக்கு வந்ததற்குக் காரணம், வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் மூன்றாம் மாடியில் இருக்கும் பிள்ளை. உயர்தர வரலாறு படிக்கிறாள். சென்ற வாரம் கொப்பியோடு வந்து நின்றாள். "அங்கிள், டியூஷன் நோட்ஸில நிலமானிய முறை எண்டு இருக்கு. அப்பப்பா நிலப்பிரபுத்துவம் எண்டுதான் சொல்லுவார். ரெண்டும் ஒண்டுதானே?"

ஓம் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆங்கிலத்தில் 'ஃபியூடலிசம்' என்ற ஒரே சொல்லுக்கு நாம் வைத்திருக்கும் இரண்டு பெயர்கள்தான் அவை. ஆனால் அந்த இரண்டு பெயர்களுக்கும் இடையில் உள்ள தூரத்தில்தான் வரலாற்றாசிரியர்கள் பல பத்தாண்டுகளாகச் சண்டை பிடிக்கிறார்கள்.

நிலமானியம் என்றால் கண் மேலே போகிறது. அரசன் பிரபுவுக்கு நிலம் கொடுக்கிறான், பிரபு போருக்கு ஆள் கொண்டு வருகிறான். இது இரண்டு பெரிய மனிதருக்கு இடையிலான உடன்படிக்கை, உழுகிறவன் அதற்குள் வருவதே இல்லை. பெல்ஜிய வரலாற்றாசிரியர் கான்சோப் 1944இல் எழுதிய நூலில் இந்தக் குறுகிய பொருளையே எடுத்துக்கொண்டார். நிலப்பிரபுத்துவம் என்றால் கண் கீழே இறங்குகிறது. உழுகிறவன் மேல் பிரபுவுக்குள்ள பிடி, அவன் கொடுக்கும் விளைச்சல், செய்யும் கூலியில்லா வேலை, பிரபுவின் வீட்டு முற்றத்தில் நடக்கும் நீதி. மார்க்சியர்கள் இந்தப் பொருளில்தான் சொல்கிறார்கள். பிரான்சின் மார்க் புளொக் இரண்டையும் சேர்த்து ஒரு முழுச் சமுதாயத்தின் படமாக வரைந்தார்.

படம் அழகானதுதான். சிக்கல் என்னவென்றால், அந்தப் படத்துக்குள் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் மனிதர்களுக்கு அப்படி ஒரு முறை இருந்ததே தெரியாது. பத்தாம் நூற்றாண்டில் யாரும் தன்னை நிலப்பிரபுத்துவத்தில் வாழ்பவனாக நினைக்கவில்லை. பிற்காலத்துச் சட்டவாதிகள் பழைய காணிச் சட்டங்களைத் துருவித் துருவிப் படித்து ஒழுங்குபடுத்திய கருத்து அது. 1789 ஓகஸ்ட் 4 இரவு பிரெஞ்சு தேசிய சபை 'நிலப்பிரபுத்துவ ஆட்சி'யை ஒழிப்பதாகத் தீர்மானித்தபோது, அந்தச் சொல் ஒழிக்க வேண்டிய பழைய உலகம் முழுவதற்கும் பெயராகிவிட்டது. 1974இல் எலிசபெத் பிரவுண் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியை, இந்தச் சொல் ஒரு கொடுங்கோலனைப் போல ஆய்வாளர்களை ஆட்டுவிக்கிறது, ஆவணங்களில் இருக்கும் வேறுபாடுகளைப் பார்க்க விடாமல் தடுக்கிறது, விட்டுவிடுங்கள் என்று எழுதினார். 1994இல் சூசன் ரெனோல்ட்ஸ் இன்னும் ஆழமாகத் தோண்டி, மானியம் பெற்ற பிரபு என்ற அந்த அடித்தளமே பிற்காலச் சட்டவாதிகளின் கண்ணாடி வழியாகத் தெரிவதுதான் என்றார்.

இந்தியாவில் சண்டை வேறு வழியில் போனது. ஆர். எஸ். சர்மா 1965இல், பிராமணர்களுக்கும் அதிகாரிகளுக்கும் செப்பேடுகளில் கொடுத்த நிலக்கொடைகளை வைத்து இந்திய நிலப்பிரபுத்துவம் ஒன்றைக் கட்டினார். 1979இல் ஹர்பன்ஸ் முக்கியா எழுந்து, இந்திய உழவனின் கையில் அவனுடைய கலப்பையும் உழைப்பும் இருந்தனவே, ஐரோப்பியப் பண்ணையடிமை போல அவன் இல்லையே, பிறகு எப்படி அதே பெயர் என்று கேட்டார். அந்தக் கேள்வியை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகிறது?

கண்டி இராச்சியத்தில் நிலம் பணத்துக்கல்ல, சேவைக்குக் கொடுக்கப்பட்டது என்பதை அங்கே ஏறத்தாழ இருபது ஆண்டு சிறையிருந்து தப்பிய ரொபர்ட் நொக்ஸ் 1681இலேயே எழுதிவிட்டார். அரசன் பிரதானி ஒருவருக்குக் கொடுத்த கிராமம் நிந்தகம. பௌத்த விகாரைக்குரியது விகாரகம, தேவாலயத்துக்குரியது தேவாலகம. கிராமத்தில் ஒரு பகுதி வயல் முத்தெட்டு. அதன் விளைச்சல் முழுவதும் பிரதானிக்கோ கோயிலுக்கோ போகும். மீதி வயல்கள் குடிகளின் 'பங்கு'. சிங்களத்தில் பங்குவ என்று வழங்கும் அது நம்முடைய பங்குதான். பங்கு வைத்திருப்பவர் முத்தெட்டை உழுது கொடுக்க வேண்டும், அல்லது பங்கில் எழுதியிருக்கும் வேலையைச் செய்ய வேண்டும்.

ஒரு பங்கை எடுத்துக்கொள்வோம். அதற்குரிய வேலை பெரகராவில் மேளம் அடிப்பது. தகப்பன் இறக்க மூன்று மகன்மாருக்கும் வயல் போகிறது. வயலைப் பிரிக்கலாம், ஆனால் வேலை பிரியாது. பங்கு ஒன்று, கடமை ஒன்று, மூவரும் சேர்ந்தே பொறுப்பு. ஆகவே முறை வைத்துக்கொள்கிறார்கள். இந்த ஆண்டு மூத்தவர் வயலைச் செய்து மேளத்தோடு போகிறார், அடுத்த ஆண்டு இளையவர். பேரப்பிள்ளைகள் காலத்தில் அந்த முறை ஒருவருக்கு வர எத்தனையோ ஆண்டுகள் ஆகும். ஆனாலும் அது ஐரோப்பியப் பண்ணையடிமையின் நிலையல்ல. பரவேணிப் பங்கு வைத்திருப்பவர் அதைப் பிள்ளைகளுக்கு விட முடியும். நிலத்தைக் கைவிட்டால் அதற்குரிய சேவையிலிருந்தும் விலக முடியும். நிலத்தோடு அவரைக் கட்டிவைத்த சங்கிலி இங்கே கொஞ்சம் தளர்வானது.

அப்படியானால் விடுதலையா? இல்லை. மேளம் அடிக்கும் பங்கு யாருக்கும் கிடைக்காது, மேளம் அடிக்கும் சாதியில் பிறந்தவருக்குத்தான். அவர் அந்த வயலை விட்டாலும் சாதி அவரை விடாது. ஐரோப்பிய மாதிரியில் இதற்கு இடமில்லை. அங்கே கேள்வி, யாருடைய நிலத்தில் இருக்கிறாய் என்பது. இங்கே அதற்கு முன்னால், யாருடைய வயிற்றில் பிறந்தாய் என்ற கேள்வி நிற்கிறது.

கரையோரத்துக்கு வந்தால் அதுகூட மாறிவிடுகிறது. கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதிப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். அந்தச் சுற்றாடலில் பல தலைமுறைகளாக வாழும் கொழும்புச் செட்டிகளின் முன்னோரும் சோனகரும் ஒல்லாந்தக் கம்பனிக்கு 'ஊலியம்' செய்ய வேண்டியிருந்தது. ஒல்லாந்தர் எழுதிய ஊலியம் நம்முடைய ஊழியம்தான். செட்டிமாருக்கும் சோனகருக்கும் அந்தக் கடமை எந்த வயலுக்காகவும் அல்ல. வெளியிலிருந்து வந்தவர்களாகக் கணக்கிடப்பட்டு, கம்பனியின் நிலப்பரப்பில் வசிப்பதற்கே கொடுத்த விலை அது. வசதியுள்ளவர் பணம் கட்டித் தப்பினார். இல்லாதவர் உடலால் கட்டினார். நிலமே இல்லாத இந்தச் சேவையை நிலமானியம் என்று எப்படிச் சொல்வது? ஆனால் கூலியில்லாமல் வேலை வாங்கியவர்கள் கண்டி இராஜகாரியத்தையும் ஊலியத்தையும் ஒரே பையில் போட்டுக்கொண்டார்கள். பிற்கால எழுத்தாளர் பலர் அந்தப் பைக்கு நிலப்பிரபுத்துவம் என்று பெயர் ஒட்டினார்கள்.

பிரித்தானியர் அந்தப் பையைச் சும்மா விடவில்லை. கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகும் வீதியை 1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ண்ஸ் இராஜகாரிய உழைப்பைக் கொண்டே போட்டார். பேராதனைக்குப் படிக்கப் போன காலத்திலிருந்து இன்றுவரை நாம் எல்லாரும் அந்த வீதியில்தான் போய்வருகிறோம். அரசன் தன் குடியிடம் கேட்ட வேலையை இப்போது ஒரு காலனி அரசு கேட்டது. மானியம் கொடுத்த அரசனும் போய்விட்டான், கொடுத்ததற்குப் பதில் என்ற கணக்கும் போய்விட்டது, வேலை மட்டும் மிஞ்சியது. கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரையின்படி 1832இல் அரசாங்கம் தனக்குரிய இராஜகாரியத்தை ஒழித்தது. பழைமை ஒழிந்தது என்று பாடநூல்கள் இந்த இடத்தில் கோடு போட்டுவிடும். ஆனால் 1848இல் வந்த வீதிச் சட்டம், ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதியில் வேலை செய்ய வேண்டும், இல்லையென்றால் மூன்று சிலிங் கட்ட வேண்டும் என்றது. அந்த ஆண்டு கண்டிப் பகுதியில் வெடித்த கிளர்ச்சிக்கு அதுவும் ஒரு காரணம்.

1832 தொடாமல் விட்ட இடம் இன்னொன்று உண்டு. அது கோயில்களுக்கும் பிரதானிகளுக்கும் குடிகள் செய்த சேவை. 1870இன் சேவைக் காணிச் சட்டம் அதை ஒழிக்கவில்லை, எழுதிவைத்தது. ஆணையாளர்கள் ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு பங்குக்கும் உரிய வேலையைப் பதிந்தார்கள், அதற்கு ஈடாக ஆண்டுக்கு இவ்வளவு பணம் என்று தொகையும் குறித்தார்கள். விரும்பினால் குடி வேலைக்குப் பதில் அந்தப் பணத்தைக் கட்டலாம். பத்து ஆண்டுகள் வேலையும் கேட்கப்படாமல் பணமும் கட்டப்படாமல் போனால் அந்த உரிமை அத்தோடு செத்துவிடும். பரவேணிப் பங்குக்காரர்தான் காணிக்குச் சொந்தக்காரர், மேலே இருப்பவருக்கு உள்ளது சேவை பெறும் உரிமை மட்டுமே என்று பிற்பாடு நீதிமன்றங்களும் சொல்லத் தொடங்கின. குறித்த தொகையோ கூடாமல் அப்படியே கிடந்தது. ரூபாயின் பெறுமதி இறங்க இறங்க அது சில்லறையானது. இதை வாசிக்கும்போது, ஒரு முறை ஒழிவதென்றால் சட்டம் வந்து அதை வெட்டும் என்று மட்டும் நினைத்திருந்த என் எண்ணம் மாறியது.

நம் இடதுசாரிகள் இந்த நாட்டை 'அரை நிலப்பிரபுத்துவ, அரைக் காலனித்துவ' நாடு என்றபோது அந்த 'அரை'யில் ஒரு உண்மை இருந்தது. மூன்றாம் மாடிப் பிள்ளையின் அப்பப்பா அந்தக் காலத்து ஆள், அந்தச் சொல்லைக் கைவிட மாட்டார். கண்டிக்கருகே கிராமங்களில் ஆய்வு செய்த நியூட்டன் குணசிங்கவும், பழைய உறவுகள் முதலாளித்துவத்தின் கீழ் செத்துப்போகவில்லை, அதன் தேவைக்கேற்ப மறுபடி உயிர்பெற்றன என்று காட்டினார். அவருடைய நூல் அவர் இறந்த பிறகு 1990இல் கொழும்பில் வெளிவந்தது. எனக்கு அந்த வாதத்தில் பிடித்தது, அவர் சொல்லிலிருந்து தொடங்காமல் வயலிலிருந்து தொடங்கியதுதான்.

அந்தப் பிள்ளைக்கு நான் சொன்னது இவ்வளவுதான். "சோதனையில நிலமானிய முறை எண்டே எழுது பிள்ளை, புள்ளி அதுக்குத்தான். ஆனா எழுதேக்க யார், யாருக்கு, எத்தனை நாள், எதுக்காக எண்டு நாலையும் சேர்த்து எழுது." அவள் கொப்பியில் குறித்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, "அப்ப அது எப்ப அங்கிள் முடிஞ்சது?" என்றாள்.

பிரதானிகளின் நிந்தகமவை 1968இல் நிந்தகம காணிச் சட்டம் ஒழித்தது. அந்தச் சட்டம் விகாரகமவையும் தேவாலகமவையும் தொடவில்லை. எசல மாதம் யானை மேல் வருகிற ஏட்டில் இருப்பது அந்தக் காணிகள்தான்.