பழைய போனோடு போன பில்கள்

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு தையல்கடையில் நடக்கும் கதை இது. ஜாக்கெட் தைக்கும் அந்த அக்கா, அளவு நோட்டை ஓரங்கட்டி ஒரு வருடமாகிறது. யாருக்குக் கழுத்து இறக்கம் எவ்வளவு, யார் எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்தார், துணி என்றைக்குத் தர வேண்டும் எல்லாமே போனில் இருக்கும் பில்லிங் செயலியில்தான். திரை உடைந்த போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புதியது வாங்குகிறார். படங்களையும் போன் நம்பர்களையும் மாற்றித் தந்த கடைக்காரர், பழைய போனை முழுக்க அழித்து வாங்கிக்கொள்கிறார். ராத்திரி செயலியைத் திறந்தால் ஒரு ஆர்டர்கூட இல்லை.

செயலி வந்துவிட்டதே, கணக்கு எங்கே?

புதிய போனுக்கு வந்தது பிளே ஸ்டோரிலிருந்து இறங்கிய வெறும் செயலி. சில செயலிகள் பில்களைத் தங்கள் நிறுவனத்தின் சர்வரில் வைக்கும். பழைய எண்ணிலேயே நுழைந்தால் அவை திரும்பி வரும். வேறு எண்ணில் நுழைந்தால் காலிக் கணக்குதான் திறக்கும். அதனால் முதலில் பார்க்க வேண்டியது எண்ணைத்தான். அக்காவும் அதைப் பார்க்கிறார். எண் சரியாகவே இருக்கிறது. அவருடைய செயலி எல்லாவற்றையும் போனுக்குள்ளேயே வைக்கும் வகை. ஆண்ட்ராய்டு தானாக எடுக்கும் பேக்கப்பில் இந்தக் கணக்கு சேர்வதும், செயலியைச் செய்தவர்கள் அதற்கு அனுமதி வைத்திருந்தால்தான்.

சனிக்கிழமைதோறும் செயலியில் 'பேக்கப்' பட்டனை அவர் தவறாமல் அழுத்தியிருந்தார். வேதனை என்னவென்றால், அந்தக் கோப்பு போய் உட்கார்ந்தது அதே போனின் டவுன்லோட்ஸ் பகுதியில். போனை அழித்தபோது அதுவும் போயிற்று. இன்றைய ஆண்ட்ராய்டு போன்கள் தகவலைப் பூட்டி வைக்கின்றன. முழுக்க அழிக்கும்போது பூட்டின் சாவியும் அழிந்துவிடுவதால், சர்வீஸ் கடையிலும் மீட்க முடியாது.

ஆனால் அவர் அனுப்பிய பில்கள் வாடிக்கையாளர்களின் வாட்ஸ்அப்பில் பத்திரமாக இருக்கின்றன. ஒவ்வொருவரையும் அழைத்துத் திருப்பி அனுப்பச் சொல்கிறார். அட்வான்ஸ் எவ்வளவு என்பதை ஜிபே பட்டியலில் பெயரும் தேதியும் பார்த்துச் சரிபார்க்கிறார். ரொக்கமாகக் கொடுத்தவர்கள் விஷயத்தில் அவர்கள் சொல்வதை நம்ப வேண்டியதுதான். பையில் அளவு ஜாக்கெட் வைத்தவர்களின் வேலை தடையில்லாமல் நடக்கிறது. உடம்பில் அளவு கொடுத்தவர்கள் மட்டும் மறுபடி கடைக்கு வர வேண்டும், அதுவும் பண்டிகை நெருக்கடியில்.

போன் மாற்றப் போகும் கடைக்காரர்கள் பேக்கப் கோப்பை முதலில் தங்கள் மெயிலுக்கோ கூகுள் டிரைவுக்கோ அனுப்பிவிடுங்கள். புதிய போனில் அதை 'ரீஸ்டோர்' செய்து, இரண்டு போன்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடைசி பில் எண், ஏதாவது ஒருவரின் அளவு, ஒருவரின் பாக்கித் தொகை, இந்த மூன்றும் ஒத்துப்போகும்வரை பழைய போனை யாரிடமும் கொடுக்காதீர்கள்.