நாலு பேர் ஆட்டம், ஒருவர் முடிவு

ஒருவரை ஒருவர் தோற்கடிக்காமல், எல்லோரும் ஓர் அணியாகச் சேர்ந்து ஆட்டத்தையே எதிர்த்து ஆடும் பலகை விளையாட்டுகள் உண்டு. ஜெயித்தால் எல்லோருக்கும் ஜெயம், தோற்றால் எல்லோருக்கும் தோல்வி. சண்டை வராது என்று நம்பித்தான் பலர் இவற்றை வாங்குகிறார்கள். சண்டை வராததும் உண்மைதான். ஆனால் வேறொரு தொல்லை வந்துவிடுகிறது. ஆட்டம் நன்றாகத் தெரிந்த ஒருவர், "நீ இங்கே போ, அந்தச் சீட்டை அவளிடம் கொடு, நீ அடுத்து அதைச் செய்" என்று எல்லோருக்கும் வழி சொல்லத் தொடங்குவார். மற்ற மூவரும் அவர் சொன்ன இடத்தில் காயை நகர்த்துவார்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஆடியது அவர் ஒருவர்தான்.

பலகை விளையாட்டு ஆடுகிறவர்கள் இப்படிப்பட்டவரை ஆல்ஃபா பிளேயர் என்பார்கள். அவருடைய சுபாவம்தான் காரணம் என்று பழியை அவர்மேல் போடுவது வழக்கம். சுபாவத்துக்கும் பங்கு உண்டுதான். ஆனால் அதே மனிதர் வேறு சில கூட்டு விளையாட்டுகளில் வாயைத் திறப்பதில்லை. அப்படியானால் ஆட்டத்தின் அமைப்பிலும் காரணம் இருக்க வேண்டும். இந்த வகை விளையாட்டுகளில் மிகப் புகழ்பெற்ற ஒன்றைக் கொண்டே அதைப் பார்க்கலாம்.

மேட் லீக்காக் வடிவமைத்து 2008-ல் வெளிவந்தது 'பாண்டெமிக்'. பலகையில் 48 நகரங்கள். நாலு நிறங்களில் நாலு நோய்கள் பரவுகின்றன. தன் முறை வரும்போது ஒருவர் நாலு செயல்கள் செய்யலாம். பக்கத்து நகரத்துக்குப் போவது ஒரு செயல், இருக்கும் நகரத்தில் ஒரு நோய்க் கட்டையை அகற்றுவது ஒரு செயல். ஒரே நிறத்தில் ஐந்து நகரச் சீட்டுகளைச் சேர்த்து ஆய்வு நிலையத்துக்குக் கொண்டுபோனால் அந்த நோய்க்கு மருந்து கிடைக்கும். நாலு நோய்க்கும் மருந்து கிடைத்துவிட்டால் ஜெயம். ஒரு நகரத்தில் ஏற்கெனவே மூன்று கட்டைகள் இருந்து, அதே நகரத்தின் சீட்டு மறுபடி வந்தால் நோய் வெடித்து அக்கம்பக்கத்து நகரங்களுக்கெல்லாம் ஒவ்வொரு கட்டை போகும். எட்டாவது வெடிப்போடு ஆட்டம் முடிந்துவிடும்.

இதில் வழி சொல்பவர் எங்கே முளைக்கிறார்? பலகை எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. கையில் உள்ள சீட்டுகளைப் பற்றித் தாராளமாகப் பேசலாம். யோசிக்க நேரக் கட்டுப்பாடு கிடையாது. எல்லாம் தெரிந்து, நேரமும் இருந்தால், நாலு பேர் முறையையும் ஒரே தலை கணக்குப் போட்டுவிடலாம். அதாவது, இந்த ஆட்டத்தை ஒருவர் தனியாகவே நாலு காய்களை வைத்து ஆட முடியும். தனியாக ஆட முடிகிற ஆட்டத்தில் மற்ற மூவரின் இடமும் பறிபோவது எளிது. சரி, அவர் நன்றாகத்தானே சொல்கிறார், கேட்டால் என்ன என்று தோன்றலாம். ஒரு கட்டத்தை எடுத்துப் பார்ப்போம்.

ஆராய்ச்சியாளர் வேடத்தில் இருப்பவர் புதியவர். அவர் காய் சிகாகோவில். கையில் பாரிஸ், மிலான் என்று இரண்டு நீலச் சீட்டுகள். அடுத்து ஆட வேண்டியவர் விஞ்ஞானி. அவர் அட்லாண்டாவில், ஆய்வு நிலையத்திலேயே நிற்கிறார். அவர் கையிலும் இரண்டு நீலச் சீட்டுகள். விஞ்ஞானிக்கு மட்டும் ஐந்துக்குப் பதில் நாலு சீட்டு போதும். மற்றவர்கள் ஒரு நகரத்தின் சீட்டை அந்த நகரத்தில் சந்தித்தால்தான் கைமாற்றலாம். ஆராய்ச்சியாளரோ எந்த நகரத்தில் நின்றும் எந்த நகரச் சீட்டையும் கொடுக்கலாம். இதற்கிடையில் சிகாகோவுக்குப் பக்கத்தில் மாண்ட்ரியலில் மூன்று நீலக் கட்டைகள். நோய்ச் சீட்டுக் கட்டின் மேலே இருக்கும் எட்டுச் சீட்டுகளில் ஒன்று மாண்ட்ரியல் என்பதும் எல்லோருக்கும் தெரியும். இந்த முறை முடிந்ததும் அதில் இரண்டைப் புரட்ட வேண்டும். மாண்ட்ரியல் வெடிக்க நாலில் ஒரு வாய்ப்பு.

அனுபவசாலி உடனே சொல்கிறார்: "அட்லாண்டாவுக்குப் போ, இரண்டு சீட்டையும் கொடுத்துவிடு. அடுத்த முறை மருந்து தயார். மாண்ட்ரியல் வெடித்தால் வெடிக்கட்டும்." போக ஒரு செயல், கொடுக்க இரண்டு. கணக்கு சரிதான். புதியவரும் காயைத் தூக்குகிறார்.

இதே இடத்தில் யாரும் பேசாமல் அவரை யோசிக்க விட்டிருந்தால் வேறொன்று நடந்திருக்கலாம். ஆராய்ச்சியாளரின் சீட்டு கைமாறுவது அவர் முறையில்தான் நடக்க வேண்டும் என்பதில்லை. சக ஆட்டக்காரரின் முறையிலும் அவர் எடுத்துக்கொள்ளலாம். அப்படியானால் முதல் செயலில் மாண்ட்ரியல், இரண்டாவதில் ஒரு கட்டையை அகற்றுவது, மூன்றாவதில் வாஷிங்டன், நாலாவதில் அட்லாண்டா. இப்போது மாண்ட்ரியலில் இரண்டே கட்டைகள். அந்தச் சீட்டு ஒரு தடவை வந்தாலும் வெடிக்காது. விஞ்ஞானி தன் முறையில் இரண்டு செயலில் இரண்டு சீட்டுகளை வாங்கி, மூன்றாவதில் மருந்தைக் கண்டுபிடிப்பார். மருந்து கிடைக்கும் நேரம் ஒரு முறைகூடத் தள்ளிப்போகவில்லை. விஞ்ஞானிக்கு மிஞ்சும் செயல்கள் மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைகின்றன, அவ்வளவுதான்.

அனுபவசாலி முட்டாள் இல்லை. அவர் நாலு பேர் வேலையையும் ஒரே நேரத்தில் யோசிக்கிறார். ஆகவே முதலில் கிடைத்த நல்ல வழியோடு நின்றுவிட்டார். ஆராய்ச்சியாளரின் வேட அட்டை புதியவர் முன்னால்தான் இருக்கிறது. அதை நிதானமாகப் படித்திருக்கக் கூடியவர் அவர்தான். ஒருவரே ஆடினால் மற்றவர்களின் சுவாரசியம் மட்டுமல்ல, மேசையில் இருக்கும் கண்களும் வீணாகின்றன.

இதற்கு எல்லோரும் முதலில் நினைக்கும் மருந்து, சீட்டுகளை மறைத்து வைப்பது. பாண்டெமிக்கில் அது அவ்வளவாக வேலை செய்வதில்லை. சீட்டு மறைந்திருந்தாலும் "எனக்கு இரண்டு நீலம் இருக்கிறது" என்று சொல்லத் தடையில்லை. வழி சொல்பவர் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்வார். இரண்டாவது மருந்து மணல் கடிகாரம். இதுவும் பாண்டெமிக்கில் திருப்பித் தாக்கும். நேரம் நெருக்கும்போது பதறுபவர் புதியவர்தான். பதறியவர் அனுபவசாலியின் முகத்தைத்தான் பார்ப்பார்.

பேசும் வரிசையை மாற்றுவதுதான் இந்த ஆட்டத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஆலோசனை யார் வேண்டுமானாலும் சொல்லலாம், ஆனால் முடிவு முறைக்கு உரியவருடையது என்பது இந்த விளையாட்டின் விதியிலேயே இருக்கிறது. டிஸ்பேச்சர் வேடத்தில் இருப்பவர்கூட, இன்னொருவர் காயை நகர்த்த அவருடைய சம்மதத்தைக் கேட்டாக வேண்டும். இந்த விதிக்கு உயிர் கொடுக்க ஓர் ஒழுங்கு போதும். முறைக்கு உரியவர் முதலில் தன் திட்டத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதுவரை வேறு யாரும் பேசக்கூடாது. பிறகு மற்றவர்கள் பேசலாம், அனுபவசாலி கடைசியில்.

அப்படிப் பேசும்போதும் தகவலைச் சொல்வது வேறு, கட்டளையிடுவது வேறு. "மேலே உள்ள எட்டில் மாண்ட்ரியலும் இருக்கிறது", "உன் சீட்டை அவர் முறையிலும் எடுக்கலாம்" என்பவை தகவல்கள். அவற்றைக் கேட்ட பிறகும் யோசிக்க வேலை மிச்சம் இருக்கிறது. "மாண்ட்ரியலுக்குப் போ" என்பதில் அது இல்லை. விதி தெரிந்த ஒருவர் மேசையில் இருப்பது பெரிய வசதி. அந்த அறிவை அவர் தகவலாகக் கொடுத்தால் யாருடைய முறையும் பறிபோகாது.

இன்னொன்று, ஆட்டத்தின் கடினம். பாண்டெமிக்கில் நாலு முதல் ஆறு வரை கொள்ளைநோய்ச் சீட்டுகளைச் சேர்த்து ஆடலாம். ஆறு சேர்த்தால் ஒரு தவறான நகர்வு ஆட்டத்தையே முடித்துவிடலாம். அப்போது அனுபவசாலியால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. புதியவர்கள் இருக்கும் மேசையில் நாலோடு நிறுத்தினால், பிழை செய்யவும் அதிலிருந்து மீளவும் இடம் கிடைக்கும்.

இத்தனைக்கும் பிறகு மாற்றம் இல்லையென்றால் ஆட்டத்தை மாற்றலாம். ஒரே தலைக்குள் எல்லாம் அடங்காதபடி செய்த கூட்டு விளையாட்டுகள் நிறைய வந்துவிட்டன. அந்துவான் போசா வடிவமைத்து, 2013-ல் ஜெர்மனியின் ஆண்டின் சிறந்த விளையாட்டு விருது பெற்ற 'ஹனாபி'யில் உங்கள் சீட்டுகளின் முகம் உங்களுக்குத் தெரியாது, மற்றவர்களுக்குத்தான் தெரியும். குறிப்பு கொடுப்பதற்கும் எண்ணிக்கை வரம்பு உண்டு. தாமஸ் ஜிங்கின் 'தி க்ரூ' (2019) சீட்டாட்டம். நாற்பது சீட்டுகள், யார் எந்தச் சீட்டைப் பிடிக்க வேண்டும் என்பது பணியாகத் தரப்படும். ஒரு பணிக்கு ஒருவர் ஒரே ஒரு தடவை தன் சீட்டு ஒன்றைக் காட்டி, அந்த நிறத்தில் தன்னிடம் அதுதான் பெரியது, சிறியது அல்லது அது ஒன்றுதான் இருக்கிறது என்று தெரிவிக்கலாம். வேறு பேச்சு கிடையாது. யாழ்ப்பாணத்தில் 304 ஆடியவர்களுக்கு இது புதிதல்ல. எதிரே இருக்கும் கூட்டாளியின் கையை, அவர் இறக்கும் சீட்டை வைத்தே ஊகிக்க வேண்டும்.

இவையும் முழு விடுதலை தருவதில்லை. ஆடும்போது பேச முடியாதவர் ஆடி முடிந்த பிறகு, "அந்த ஏழை ஏன் போட்டாய்? நான் குறிப்பு கொடுத்தேனே?" என்று விசாரணை நடத்துவார். கட்டளை போய்க் குற்றச்சாட்டு வந்ததுதான் மிச்சம். அங்கேயும் முதலில் போட்டவர் தன் காரணத்தைச் சொல்லட்டும் என்பதே நல்ல ஒழுங்கு.

பேசவே கூடாதென்பது சிலருக்குச் சலிப்பாக இருக்கும். அவர்களுக்கு வேறு வழி, ஒவ்வொருவருக்கும் கை நிறையச் சொந்த வேலை இருக்கும் ஆட்டங்கள். லீக்காக்கே மட்டேயோ மெனப்பாச்சேயுடன் சேர்ந்து 2023-ல் கொண்டுவந்த 'டேபிரேக்' அப்படிப்பட்டது. பருவநிலை மாற்றத்தை எதிர்க்கும் ஆட்டம். ஒவ்வொருவரும் ஓர் உலக வல்லரசையோ நாட்டுக் கூட்டத்தையோ ஏற்று, தன் முன்னால் பரப்பிய சீட்டுகளை எல்லோரும் ஒரே நேரத்தில் ஆடுகிறார்கள். பேசத் தடையில்லை. ஆனால் அடுத்தவர் சீட்டுகளைப் படித்துப் புரிந்துகொள்வதற்குள் தன் வேலை நின்றுபோகும்.

உங்கள் மேசையில் இந்தத் தொல்லை இருக்கிறதா என்று கண்டுபிடிக்க அனுபவசாலியைக் கவனிப்பதைவிட மற்றவர்களைக் கவனிப்பது நல்லது. தன் முறை வந்ததும் பலகையைப் பார்க்காமல் "நான் என்ன செய்யணும்?" என்று கேட்கிறார்களா? அடுத்தவர் முறையில் கைபேசியை எடுக்கிறார்களா? அப்படியானால் பேசிவிட வேண்டியதுதான். அதை ஆட்டத்தின் நடுவில் செய்தால் அவமானமாகப் போய்விடும். பலகையை விரிப்பதற்கு முன்னால், இன்று இந்த வரிசையில்தான் பேசுவோம் என்று எல்லோருக்கும் பொதுவான விதியாகச் சொல்லிவிட்டால் யாரும் குற்றவாளி ஆவதில்லை. கட்டளை கேட்டே பழகியவரும் அன்று தன் திட்டத்தைத் தானே சொல்லியாக வேண்டும் என்பதால், அந்த விதி அனுபவசாலியை மட்டுமல்ல, அவரையும் மாற்றும்.