யார் மெசேஜ் காதில் விழலாம்?

இட்லி மாவில் கை இருக்கும்போதுதான் ஃபோன் சிணுங்கும். கையைக் கழுவித் துடைத்து எடுத்துப் பார்த்தால், பள்ளிக் குழுவில் யாரோ போட்ட 'குட் மார்னிங்' படமாக இருக்கும். இந்த அலைச்சலைக் குறைக்கத்தான், வரும் மெசேஜை இயர்பட்ஸ் வழியாக ஃபோனே வாசித்துச் சொல்லும் வசதி வந்தது. ஐஃபோனில் இதை ஆப்பிள் 2019 அக்டோபரில் கொண்டுவந்தது. 2021-இல் வந்த ஐ.ஓ.எஸ் 15 முதல் மற்ற செயலிகளின் நோட்டிஃபிகேஷன்களையும் அது வாசிக்கிறது. ஆண்ட்ராய்டு ஃபோன்களிலும் இதே வேலையைச் செய்யும் அமைப்புகள் உண்டு.

வசதி எளிதுதான். ஆனால் அப்படியே விட்டுவிட்டால் ஓ.டி.பி.யும், வங்கி இருப்பும், தோழியின் அந்தரங்கமும், குழுவின் அரட்டையும் ஒரே குரலில் காதுக்குள் கொட்டும். அதைச் சீர்செய்ய ஒரு விஷயம் புரிந்தால் போதும். குரல் பெரும்பாலும் வாசிப்பது நோட்டிஃபிகேஷனில் இருக்கும் எழுத்தைத்தான். எந்த நோட்டிஃபிகேஷன் எழும்புகிறது, அதில் எவ்வளவு எழுத்து தெரிகிறது என்பதை நீங்கள் தீர்மானித்தால், காதில் விழுவதையும் நீங்களே தீர்மானித்ததாகும்.

ஐஃபோனையும் ஏர்பாட்ஸையும் வைத்து இதைப் பார்ப்போம். Settings > Notifications > Announce Notifications என்ற இடத்தில் இந்த வசதி இருக்கிறது. ஏர்பாட்ஸில் இரண்டாம் தலைமுறை முதல் இது வேலை செய்யும். இயர்பட்ஸ் காதில் இருந்து, ஃபோன் லாக் ஆகியிருக்கும்போதுதான் குரல் பேசும். ஃபோனைக் கையில் வைத்து நீங்களே பார்த்துக்கொண்டிருந்தால் வாசிக்காது. அழைப்பில் பேசிக்கொண்டிருக்கும்போதும் குறுக்கிடாது. மெசேஜ் நீளமாக இருந்தால், அனுப்பியவர் பெயரையும் மெசேஜ் வந்திருப்பதையும் மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளும்.

காலை ஏழு மணிக்குச் சமையலறையில் நிற்கும் ஒரு அம்மாவை எடுத்துக்கொள்வோம். அவருக்கு மூன்று வழிகளில் மெசேஜ் வருகிறது. வங்கியும் கடைகளும் எஸ்.எம்.எஸ். அனுப்புகின்றன. மகனின் வகுப்புக் குழு வாட்ஸ்அப்பில் ஓயாமல் ஒலிக்கிறது. வெளியூரில் இருக்கும் அவருடைய அம்மாவும் வாட்ஸ்அப்பில்தான் எழுதுகிறார். அவர் கேட்க விரும்புவது அம்மாவின் மெசேஜை மட்டும்.

முதலில் எஸ்.எம்.எஸ். இதே பக்கத்தில் செயலிகளின் பட்டியலில் Messages-ஐத் தொட்டால், யாருடைய மெசேஜை வாசிக்க வேண்டும் என்று கேட்கும். Favorites, Recents, Contacts, Everyone என்று நான்கு அளவுகள் இருக்கும். அவர் Contacts-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் ஊரில் வங்கிகளின் எஸ்.எம்.எஸ். பத்து இலக்க எண்ணிலிருந்து வருவதில்லை. ஆங்கில எழுத்துகளால் ஆன ஓர் அனுப்புநர் பெயரிலிருந்து வருகிறது. அதை யாரும் காண்டாக்ட்ஸில் சேர்த்து வைப்பதில்லை. அதனால் இந்த ஒரு தேர்விலேயே ஓ.டி.பி., கணக்கில் பணம் எடுத்த தகவல், கடை விளம்பரம் எல்லாம் வாசிப்பிலிருந்து விலகிவிடும். ஃபோனில் அவை வழக்கம்போல் வந்து சேரும்.

அடுத்தது வாட்ஸ்அப். இங்கே ஆள் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் அந்த நான்கு அளவுகள் கிடையாது. செயலியின் வாசிப்பு இருக்க வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் கேள்வி. வாசிப்பை இயக்கிவிட்டு, சல்லடையை வாட்ஸ்அப்புக்குள்ளேயே போட வேண்டும். வகுப்புக் குழுவைத் திறந்து அதன் பெயரைத் தொட்டு Mute கொடுத்தால் எட்டு மணி நேரம், ஒரு வாரம், எப்போதும் என்று தேர்வுகள் வரும். குழு ம்யூட் ஆனதும் வழக்கமாக அதன் நோட்டிஃபிகேஷன் எழும்பாது, குரலும் அதைத் தொடாது. அம்மாவின் உரையாடல் ம்யூட் ஆகாததால் அது மட்டும் காதுக்கு வரும்.

சிலருடைய மெசேஜ் வந்தது தெரிய வேண்டும், ஆனால் உள்ளே இருப்பது ஒலியாக வேண்டாம் என்றும் இருக்கும். மருத்துவப் பரிசோதனை முடிவோ, குடும்பத் தகராறோ பேசும் உரையாடல் அப்படிப்பட்டது. வாட்ஸ்அப்பில் 2023-இல் வந்த Chat lock இதற்கு ஏற்றது. பூட்டிய உரையாடலின் நோட்டிஃபிகேஷனில் அனுப்பியவர் பெயரும் உள்ளடக்கமும் மறைந்து, புதிய மெசேஜ் வந்திருக்கிறது என்பது மட்டுமே நிற்கும். ஐஃபோனில் எல்லா உரையாடல்களுக்கும் சேர்த்து உள்ளடக்கத்தை மறைக்க, வாட்ஸ்அப் அமைப்புகளில் Notifications-க்குள் Show preview என்பதை அணைக்கலாம்.

மூன்றாவது, நேரம். அலுவலகக் கூட்டத்திலோ, துக்க வீட்டிலோ, மருத்துவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதோ அம்மாவின் மெசேஜ்கூட வேண்டாம். Do Not Disturb போன்ற ஒரு Focus-ஐ இயக்கினால், அது தடுக்கும் நோட்டிஃபிகேஷன்கள் வாசிக்கப்படுவதில்லை. அவசரத்துக்கு ஒருவரை மட்டும் அதில் அனுமதித்து வைக்கலாம். வாசிப்பு நடுவில் இருக்கும்போது யாராவது அருகில் வந்து பேசினால், ஒரு இயர்பட்டைக் காதிலிருந்து எடுத்தால் போதும், குரல் நின்றுவிடும். காதில் இருப்பதை உணரும் Automatic Ear Detection இயங்கினால்தான் இது நடக்கும். அதை அணைத்து வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

வாசிப்பு முடிந்தபின் நடப்பதையும் கவனிக்க வேண்டும். மெசேஜை வாசித்ததும், நீங்கள் பதில் சொல்வீர்கள் என்று மைக் சற்று நேரம் காத்திருக்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் நீங்கள் சொன்ன வார்த்தைகள் பதிலாக எடுத்துக்கொள்ளப்படலாம். சாதாரணமாக, அனுப்புமுன் பதிலைத் திரும்பச் சொல்லி உங்கள் சம்மதம் கேட்கும். Reply without Confirmation என்பதை இயக்கினால் அந்தக் கேள்வி இருக்காது. பேருந்திலும் ரயிலிலும் போகிறவர்கள் அதை அணைத்தே வைத்திருப்பது நல்லது. வாய்விட்டுச் சொல்லும் பதிலைப் பக்கத்து இருக்கைக்காரரும் கேட்பார் என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

ஆண்ட்ராய்டில் தனிக் கவனம் வேண்டிய இடம் ஒன்று உண்டு. நோட்டிஃபிகேஷன் வாசிக்கும் செயலிகள் பல இலவசமாகக் கிடைக்கின்றன. அவை வேலை செய்ய Notification access என்ற அனுமதி தேவை. அதைப் பெற்ற செயலி, வரும் நோட்டிஃபிகேஷன்களைப் படிக்கலாம். மெசேஜ் வழியில் என்க்ரிப்ட் ஆகி வந்தாலும், நோட்டிஃபிகேஷனாகத் தெரியும்போது அது வெறும் எழுத்துதான். ஆண்ட்ராய்டு 15 முதல் இத்தகைய செயலிகளிடமிருந்து ஓ.டி.பி.யை மறைக்கும் ஏற்பாடு வந்திருக்கிறது. பழைய ஃபோன்களில் அந்தக் காப்பு இல்லை. ஆகவே ஃபோனோடும் இயர்பட்ஸோடும் வந்த வாசிப்பு வசதியையே பயன்படுத்துங்கள். அமைப்புகளில் Notification access என்று தேடி, தெரியாத பெயர் ஏதும் அந்தப் பட்டியலில் இருந்தால் அனுமதியை எடுத்துவிடுங்கள். வேறு செயலியைத்தான் பயன்படுத்துகிறீர்கள் என்றால், அது இயர்பட்ஸில் மட்டும் பேசுகிறதா, வீட்டு ஸ்பீக்கரிலும் காரிலும் பேசுகிறதா என்று பாருங்கள்.

தங்லிஷில் எழுதுபவர்கள் ஒரு குறையைச் சகித்துக்கொள்ள வேண்டும். 'eppo varuva' என்று வரும் மெசேஜை ஆங்கிலக் குரல் ஆங்கிலமாகவே உச்சரிக்கும், பாதி புரியாது. நெருங்கியவர்களிடம் தமிழ் எழுத்தில் அனுப்பச் சொல்லி, உங்கள் ஃபோனின் குரல் அதை வாசிக்கிறதா என்று பாருங்கள். வாசிக்காவிட்டால், யார் அனுப்பினார் என்று தெரிந்துகொள்வதே இதன் பயன்.

எல்லாம் அமைத்தபின் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். இயர்பட்ஸைக் காதில் வைத்து, ஃபோனை லாக் செய்து மேசையில் வையுங்கள். வீட்டில் ஒருவரை நேரடியாக ஒரு மெசேஜ், ம்யூட் செய்த குழுவில் ஒன்று, பூட்டிய உரையாடலில் ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். பிறகு ஏதாவது ஒரு செயலியில் ஓ.டி.பி. கேளுங்கள். முதலாவது முழுதாகக் கேட்க வேண்டும், பூட்டியதில் பெயரோ விஷயமோ வரக் கூடாது, மற்ற இரண்டும் காதுக்கு வரவே கூடாது. எது தவறி ஒலித்ததோ, அந்தச் செயலியின் நோட்டிஃபிகேஷன் அமைப்பைத் திருத்திவிட்டு மறுபடி சோதியுங்கள். ஃபோனுக்குப் பெரிய அப்டேட் வந்த பிறகும் இந்தச் சோதனையை ஒருமுறை செய்துவிடுங்கள்.