மைனஸ் 17 அடியில் நிற்கும் கார்

புள்ளியியல் முதலாண்டு மாணவரிடம் கணினி கொடுத்த முடிவு அட்டவணையை நீட்டினால், கண் நேராக வலது ஓரத்துக்குப் போகும். அங்கே மூன்று நட்சத்திரம் இருந்தால் போதும், வேலை முடிந்தது என்று தாளை மடித்துவிடுவார். இந்த அவசரத்துக்குக் கடிவாளம் போடத்தான் ஆசிரியர்கள் ஒரு பக்கக் குறிப்புத்தாள் தருகிறார்கள்: நட்சத்திரத்தை விரலால் மூடிக்கொள், இடமிருந்து வலமாக ஒவ்வொரு வரியாகப் படி.

அதற்குத் தோதான உதாரணம் R மென்பொருளோடு வரும் `cars` தரவு. 1920களில் எடுத்த 50 அளவீடுகள். கார் மணிக்கு எத்தனை மைல் வேகத்தில் போனது, பிரேக் போட்டபின் எத்தனை அடி தள்ளி நின்றது, அவ்வளவுதான்.

```
            Estimate Std. Error t value Pr(>|t|)
(Intercept) -17.5791     6.7584  -2.601   0.0123 *
speed         3.9324     0.4155   9.464 1.49e-12 ***
```

முதலில் `speed` வரி. வேகம் ஒரு மைல் கூடினால், கார் நிற்கச் சராசரியாக 3.93 அடி கூடுதலாக வேண்டும். அலகு சேர்த்து இப்படி ஒரு வாக்கியமாகச் சொல்லத் தெரியாதவர் அடுத்த எண்ணுக்கு நகரக் கூடாது. பக்கத்தில் உள்ள 0.4155 திட்டப் பிழை. வேறு 50 அளவீடுகள் எடுத்திருந்தால் அந்த 3.93 எவ்வளவு ஆடியிருக்கும் என்பதை அது காட்டுகிறது. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 9.464 வரும். கால்குலேட்டரில் ஒருமுறை தானே போட்டுப் பார்த்தவருக்கு மூன்றாம் கட்டம் மர்மமாகத் தெரியாது.

நான்காம் கட்டத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். `1.49e-12` என்பதை 1.49 என்று எழுதிவிடுவார்கள். நிகழ்தகவு ஒன்றைத் தாண்டாது என்பதே அந்த நேரத்தில் நினைவுக்கு வராது. உண்மையில் புள்ளிக்குப் பிறகு பதினொரு பூஜ்யம் போட்டு 149 எழுத வேண்டும். வேகத்துக்கும் தூரத்துக்கும் தொடர்பே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு வலுவான தொடர்பு தற்செயலாகத் தென்படும் வாய்ப்பு அவ்வளவு அரிது. தொடர்பு இல்லாமல் இருப்பதற்கான வாய்ப்பே அதுதான் என்று படிப்பது தவறு.

இனி மேல் வரி. வேகம் பூஜ்யமானால் தூரம் மைனஸ் 17.58 அடி, நின்ற கார் பின்னால் நகர்ந்ததா? அளந்ததில் மிகக் குறைந்த வேகமே 4 மைல். பூஜ்யத்தில் யாரும் அளக்கவில்லை, கோட்டை இழுத்து நீட்டியதால் வந்த எண் இது. இந்த எண்ணுக்கும் ஒரு நட்சத்திரம் கிடைத்திருக்கிறது!

அளந்த வேகத்திலேயே சோதித்தால் கதை இன்னும் சுவாரசியம். 10 மைலுக்குக் கோடு சொல்வது 21.7 அடி, அளந்தவை 18, 26, 34. பரவாயில்லை. 4 மைலுக்கோ மைனஸ் 1.85 அடி, அளந்தவை 2, 10. பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வது. நேர்கோடு அதற்கு முழுதாகப் பொருந்தாது, அதை அட்டவணையின் எந்த வரியும் சொல்லவில்லை. 50 புள்ளிகளையும் வரைபடத்தில் குறித்துப் பார்த்தால்தான் தெரியும்.