ஒன்பது கிளைகளுக்கு எத்தனை பட்ஜெட்?

பல ஊர்களில் கிளை வைத்திருப்பவர்கள் கூகுளில் விளம்பரம் கொடுக்கத் தொடங்கும்போது, கிளைக்கு ஒரு கேம்பெயின், கேம்பெயினுக்கு ஒரு பட்ஜெட் என்று சமமாகப் பிரித்துவிடுகிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. எந்தக் கிளைக்கு எவ்வளவு செலவானது, என்ன பலன் வந்தது என்று மேலாளர்களுக்குச் சொல்லவும் எளிது. ஆனால் விளம்பரம் எந்த எல்லைக்குள் ஓட வேண்டும், பணம் எந்த எல்லைக்குள் பகிரப்பட வேண்டும், கணக்கு எந்த எல்லையில் பிரித்துப் பார்க்கப்பட வேண்டும் என்பவை மூன்று தனிக் கேள்விகள். மூன்றுக்கும் கிளையின் எல்லையே விடை என்று வைத்துக்கொள்வதில்தான் பணம் வீணாகிறது.

ஒரு கண்ணாடிக் கடையை எடுத்துக்கொள்வோம். மூக்குக் கண்ணாடி, கண் பரிசோதனை, கூலிங் கிளாஸ், கான்டாக்ட் லென்ஸ் எல்லாம் உண்டு. சென்னையில் தி.நகர், அண்ணா நகர், வேளச்சேரி, தாம்பரம் என நான்கு கிளைகள். கோவையில் காந்திபுரம், ஆர்.எஸ்.புரம். திருச்சி தில்லை நகரில் போன மாதம் திறந்த ஒரு கடை. மதுரையில் இரண்டு, ஆனால் அவை உரிமம் பெற்று வேறொருவர் நடத்துபவை. மொத்த விளம்பரச் செலவு நாளொன்றுக்கு 9,000 ரூபாய். கிளைக்கு 1,000 என்று பிரித்தால் என்ன ஆகும்?

தி.நகரில் தேடுபவர்கள் அதிகம். அங்கே 1,000 ரூபாய் போதாமல், வரக்கூடிய பல தேடல்களில் விளம்பரமே காட்டப்படாது. அதே நாளில் தாம்பரத்தில் 400 ரூபாய்தான் செலவாகியிருக்கும், மிச்சம் சும்மா கிடக்கும். இதைக் கண்டுபிடிக்க ஊகம் தேவையில்லை. கேம்பெயின் பட்டியலில் Search lost IS என்று தொடங்கும் இரண்டு பத்திகளைச் சேர்த்துப் பார்த்தால் போதும். ஒன்று பட்ஜெட் போதாமல் இழந்த வாய்ப்பு, மற்றொன்று ஏலத்தில் பின்தங்கி இழந்த வாய்ப்பு. முதலாவது ஒரு கிளையில் பெரிதாகவும் பக்கத்துக் கிளையில் பூஜ்யமாகவும் இருந்தால் பணம் தப்பான இடத்தில் அடைபட்டிருக்கிறது என்று பொருள். இரண்டாவதுதான் பெரிதாக இருக்கிறது என்றால் பட்ஜெட்டைக் கூட்டிப் பயனில்லை, ஏலத் தொகையையோ விளம்பரத்தையோ அது போய்ச் சேரும் பக்கத்தையோதான் சரிசெய்ய வேண்டும்.

பணத்துக்கு முன்னால் இடத்தைப் பார்ப்போம். ஒவ்வொரு கிளையையும் மையமாக வைத்துப் பத்து கிலோமீட்டர் வட்டம் போட்டால், தி.நகர் வட்டமும் அண்ணா நகர் வட்டமும் வேளச்சேரி வட்டமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். சைதாப்பேட்டையில் இருப்பவர் தேடினால், ஒரே கணக்கின் இரண்டு மூன்று கேம்பெயின்கள் அந்தத் தேடலுக்குத் தகுதி பெறும். கூகுள் அவற்றில் ஒன்றைத்தான் ஏலத்துக்கு அனுப்பும். எதை அனுப்பும் என்பது நம் கையில் இல்லை. அவர் கடைசியில் தி.நகருக்குப் போய்க் கண்ணாடி வாங்க, செலவு வேளச்சேரியின் பெயரில் ஏறலாம். கிளைவாரியாகத் துல்லியமான கணக்கு வேண்டும் என்றுதானே கேம்பெயினைப் பிரித்தோம்? அந்தத் துல்லியமே இங்கே போய்விடுகிறது.

இதற்குத்தான் இடக் குழுக்கள். Google Ads திரையில் Location groups என்று இருக்கும். ஒவ்வொரு கிளைக்கும் கூகுள் பிசினஸ் புரொஃபைல் இருக்கும். அதில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு ஸ்டோர் கோடும், வாடிக்கையாளர் கண்ணில் படாத லேபிள்களும் கொடுக்க முடியும். சென்னைக் கடைகள் நான்குக்கும் CHN, கோவைக்கு CBE என்று லேபிள் ஒட்டி, சொந்தக் கடைக்கு OWN, உரிமக் கடைக்கு FRN என்று இன்னொன்றும் சேர்த்துவிடலாம். புரொஃபைலை விளம்பரக் கணக்கோடு இணைத்த பிறகு, CHN லேபிள் உள்ள கடைகள் என்று ஒரு குழு அமைத்தால் நான்கும் அதில் வந்துவிடும். நாளை போரூரில் ஐந்தாவது கடை திறந்தால், அதற்கு லேபிள் ஒட்டினால் போதும், குழுவில் தானாகச் சேர்ந்துகொள்ளும். கடைகளைக் கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் குழு அமைத்தவர்களுக்கு இந்த வசதி கிடைக்காது. புதுக் கடை திறந்து இரண்டு மாதம் விளம்பரமே இல்லாமல் கிடப்பது பெரும்பாலும் இதனால்தான்.

ஆக, சென்னை முழுவதும் ஒரே குழு. தேடுபவருக்கு அருகிலிருக்கும் கிளையின் முகவரியை விளம்பரத்தோடு காட்டும் வேலையைக் கூகுளிடமே விட்டுவிடலாம். அதில் இன்னொரு லாபமும் உண்டு. தானியங்கி ஏல முறைகள் முன்பதிவுகளைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கின்றன. மாதம் பத்துப் பன்னிரண்டு முன்பதிவு வரும் துண்டுக் கேம்பெயின்களைவிட, எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த கேம்பெயின் அவற்றுக்கு நல்ல தீனி.

இந்த இடத்தில் ஓர் அமைப்பை மாற்றியே ஆக வேண்டும். கேம்பெயின் தொடங்கும்போது இடத் தேர்வு, அந்த இடத்தில் இருப்பவர்கள், அந்த இடத்தில் ஆர்வம் காட்டுபவர்கள் என இரு சாராரையும் சேர்த்தே இருக்கும். துபாயில் உட்கார்ந்து கோவை பற்றித் தேடுபவரும் அதில் வருவார். விடுதிக்கு அது சரி, கண்ணாடிக் கடைக்குச் சரியில்லை. Presence என்று மட்டும் உள்ள தேர்வுக்கு மாற்றிவிட வேண்டும். அண்ணா நகர் என்ற பெயர் சென்னையிலும் உண்டு, மதுரையிலும் உண்டு என்பதையும் இங்கே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. கேம்பெயினுக்கு வெறுமனே Anna Nagar என்று பெயர் வைத்த கணக்கில், ஆறு மாதம் கழித்து அறிக்கை எடுப்பவர் நிச்சயம் தடுமாறுவார். ஊர், உடைமை, பொருள் மூன்றும் பெயரிலேயே தெரியட்டும்:

```
CHN-OWN-EYETEST
CHN-OWN-SUNGLASS
CBE-OWN-EYETEST
```

இனி பணம். சென்னையில் கண் பரிசோதனைக்கு ஒன்று, கூலிங் கிளாஸுக்கு ஒன்று என இரண்டு கேம்பெயின்கள் இருக்கின்றன. ஏப்ரல், மே வெயிலில் கூலிங் கிளாஸ் தேடல் ஏறும். ஜூனில் பள்ளி திறந்ததும் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதனை என்று பெற்றோர் தேடுவார்கள். இப்படி மாறி மாறி ஏறி இறங்கும் இரண்டுக்கும் ஒரே பட்ஜெட் வைப்பதே பொருத்தம். Shared budgets என்ற இடத்தில் 4,000 ரூபாயில் ஒன்றை உருவாக்கி இரண்டையும் அதில் இணைத்தால், அன்றைக்கு எதற்குத் தேவை அதிகமோ அந்தப் பக்கம் பணம் போகும். கோவையின் இரண்டு கேம்பெயின்களுக்கும் அதேபோல் 2,000.

திருச்சியை இதில் சேர்க்கக் கூடாது. பகிர்ந்த பட்ஜெட்டில் யாருக்கும் குறைந்தபட்ச உத்தரவாதம் கிடையாது. பழைய, பெரிய கேம்பெயின் பணத்தை இழுத்துக்கொள்ள, புதிய கடையின் விளம்பரம் அரைப்பட்டினியாகக் கிடக்கும். பெயர் தெரியாத ஊரில் பேர் வாங்க வேண்டிய கடைக்குத்தான் நிச்சயமான பணம் தேவை. அதனால் திருச்சிக்குத் தனியே 1,000. மீதி 2,000 மதுரைக்கு, அதைப் பிறகு பார்ப்போம்.

தினசரி பட்ஜெட் என்பது ஒரு சராசரி என்பதை முதலாளிக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஒரு நாளில் அது இரு மடங்கு வரை போகலாம். சென்னைக்கு 4,000 வைத்தால் ஒரு சனிக்கிழமை 8,000 செலவாகியிருப்பதைப் பார்த்துப் பதறி நிறுத்திவிடுபவர்கள் உண்டு. மாதக் கணக்கில் 30.4 நாளால் பெருக்கிய தொகையை அது தாண்டாது, அதாவது 1,21,600. இதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி.

கிளைவாரி அறிக்கைக்கு வருவோம். கேம்பெயினைப் பிரிக்காமல் கிளைக் கணக்கை எப்படிப் பிரிப்பது? முன்பதிவு நடக்கும் இடத்தில் பிரிக்க வேண்டும். முன்பதிவுப் படிவத்தில் கிளையைத் தேர்வு செய்ய வைத்து, கிளைக்கு ஒரு நன்றிப் பக்கமும், அந்தப் பக்கத்துக்கு ஒரு தனி கன்வெர்ஷனும் அமைத்துவிட்டால், அறிக்கையை கன்வெர்ஷன் வாரியாகப் பிரித்தெடுக்கும்போது எந்தக் கிளைக்கு எத்தனை முன்பதிவு என்று வந்துவிடும். ஒரு மாதத்தில் சென்னைக்கு 320 முன்பதிவு வந்ததாக வைத்துக்கொள்வோம். தி.நகர் 140, அண்ணா நகர் 90, வேளச்சேரி 60, தாம்பரம் 30. செலவு 1,21,600 என்றால் ஒரு முன்பதிவுக்கு 380 ரூபாய். அந்தக் கணக்கில் தி.நகர் மேல் 53,200, அண்ணா நகர் மேல் 34,200, வேளச்சேரி மேல் 22,800, தாம்பரம் மேல் 11,400 ஏறும்.

பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் இந்தக் கணக்கு எல்லாக் கிளைக்கும் ஒரே 380 என்றுதான் காட்டும், ஏனென்றால் நாம் அப்படித்தான் பங்கிட்டோம். எந்தக் கிளை தடுமாறுகிறது என்று இதில் தெரியவே தெரியாது. அதற்கு Matched locations என்ற அறிக்கையை எடுத்து, விளம்பரத்தைச் சொடுக்கியவர்கள் எந்தப் பகுதியில் இருந்தார்கள், அந்தப் பகுதிக்கு எவ்வளவு செலவானது என்று பார்க்க வேண்டும். தாம்பரம் பகுதியில் 24,000 ரூபாய் செலவாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாம்பரம் கிளைக்கு வந்த முன்பதிவோ 30. அப்படியானால் அங்கே ஒரு முன்பதிவுக்கு 800 ரூபாய் போயிருக்கிறது. பங்கிட்ட கணக்கில் வந்த 11,400க்கும் பகுதிக் கணக்கில் வந்த 24,000க்கும் உள்ள இடைவெளிதான் விசாரிக்க வேண்டிய விஷயம். தாம்பரத்துக்காரர்கள் வேளச்சேரியில் முன்பதிவு செய்கிறார்களா? கிளையின் போனை யாராவது எடுக்கிறார்களா? பிசினஸ் புரொஃபைலில் ஞாயிறு விடுமுறை என்று தவறாக இருக்கிறதா? விளம்பரத் திரையை மூடிவிட்டு அந்தக் கிளைக்கே ஒருமுறை போன் செய்து பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

கடைசியாக மதுரை. இங்கே எல்லை உண்மையிலேயே வேறு. உரிமம் பெற்றவர் தன் பணத்தைச் செலவழிக்கிறார், அவருக்குத் தனி ஜி.எஸ்.டி. எண் இருக்கிறது. விளம்பரத்துக்குக் கட்டிய வரியை அவர் உள்ளீட்டு வரி வரவாக எடுக்க வேண்டுமென்றால் பில் அவர் எண்ணில் வர வேண்டும். ஆகவே லேபிளோ இடக் குழுவோ போதாது, தனி விளம்பரக் கணக்கே வேண்டும். தலைமை அலுவலகம் ஒரு மேனேஜர் அக்கவுன்ட் வைத்து, சொந்தக் கடைகளின் கணக்கையும் மதுரைக் கணக்கையும் அதன் கீழ் இணைத்துக்கொள்ளலாம். இரண்டு கணக்குகளின் அறிக்கையையும் ஒரே இடத்தில் பார்க்க முடியும், தவிர்க்க வேண்டிய தேடல் சொற்களின் பட்டியலைப் பொதுவாக வைத்துக்கொள்ள முடியும். பகிர்ந்த பட்ஜெட் மட்டும் ஒரு கணக்கைத் தாண்டிப் போகாது. மதுரையின் 2,000 மதுரைக் கணக்குக்குள்ளேயேதான் இருக்கும்.

இரண்டு கணக்குகளாக ஆனபின் ஒன்றையொன்று ஏலத்தில் எதிர்க்கும் ஆபத்து வருகிறது. ஒரே கணக்குக்குள் கூகுள் ஒரு கேம்பெயினைத் தேர்ந்து அனுப்புவதுபோல் இங்கே நடக்கும் என்று நம்ப முடியாது. ஒரே வியாபாரத்தின் பல கணக்குகள் ஒரே விளம்பர இடத்தில் முட்டிக்கொள்வதைக் கூகுளின் விதிகளும் ஏற்பதில்லை. தலைமைக் கணக்கின் கேம்பெயின்களில் மதுரையை விலக்கப்பட்ட இடமாகச் சேர்த்துவிட வேண்டும், மதுரைக் கணக்கில் மற்ற ஊர்களை. உரிம ஒப்பந்தத்திலேயே எந்தப் பகுதி யாருடையது என்று எழுதிவிட்டால் பின்னால் சண்டை வராது. திருமங்கலம், மேலூர் போன்ற ஊர்களைப் பற்றி ஒப்பந்தத்தில் பேசாமல் விட்டுவிட்டு, பிறகு இருவரும் அங்கே காசு போடுவது சகஜம்.

அந்த ஒப்பந்தத்தில் இன்னொரு வரியும் இருக்கட்டும். மதுரைக் கடைகளின் பிசினஸ் புரொஃபைலுக்கு முதன்மை உரிமையாளர் தலைமை அலுவலகமாகவும், உரிமம் பெற்றவர் அதன் மேலாளராகவும் இருக்க வேண்டும். அவர் விலகிப் போகும் நாளில் விளம்பரக் கணக்கு அவரோடு போய்விடும், அது அவர் பணத்தில் ஓடிய கணக்கு. ஆனால் புரொஃபைலில் உள்ள விமர்சனங்களும், படங்களும், வரைபடத்தில் கடை இருக்கும் இடமும் பிராண்டோடு தங்கிவிடும்.